மூன்று வருட அரியர் ஒரே மாதத்தில் வந்தால்: தொகைக் கணக்கும் வரிக் கணக்கும்

ஊதிய மாற்ற ஆணை வந்து, பழைய தேதியிலிருந்து கணக்குப் போட்டு, அரியர் மொத்தமாக வங்கிக் கணக்கில் ஏறுகிறது. கும்பகோணம், பாபநாசம் பக்கம் அது தை மாதத்தில் வந்தால் சம்பா அறுவடைச் செலவுக்கோ, அடகு நகையை மீட்கவோ உடனே போய்விடும். அடுத்து பிப்ரவரிச் சம்பளப் பட்டியல் தயாராகும்போது அலுவலகத்திலிருந்து போன் வரும்: "டீச்சர், இந்த வருஷம் உங்களுக்கு எழுபத்தொன்பதாயிரம் வரி பிடிக்கணும்." போன வாரம் வரை வரியே இல்லை என்று நினைத்திருந்தவருக்கு இது பெரிய அதிர்ச்சி.

அந்த எழுபத்தொன்பதாயிரத்தில் பெரும்பகுதியைக் கட்ட வேண்டியதே இல்லை. அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது தானாக நடக்காது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். முதல் முறை அரியர் வாங்குகிறவர்களுக்காக, ஒரே ஒருவருடைய கணக்கை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை போட்டுக் காட்டுகிறேன்.

கும்பகோணத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஊதியம் மறுநிர்ணயம் செய்து 2025 டிசம்பரில் ஆணை வருகிறது. அரியர் 2026 ஜனவரியில் கைக்கு வருகிறது. புரிவதற்கு வசதியாகச் சம்பள எண்களை நானே வைத்திருக்கிறேன். அகவிலைப்படி விகிதங்களும் வரி விகிதங்களும் உண்மையானவை.

முதலில் ஆணையில் தேதியைப் பாருங்கள்

ஊதிய ஆணையில் இரண்டு தேதிகள் இருக்கலாம். ஒன்று, புதிய ஊதியம் ஏட்டளவில் நிர்ணயிக்கப்படும் தேதி. இதைத்தான் அலுவலகத்தில் 'நோஷனல்' என்பார்கள். இன்னொன்று, பணப்பயன் தொடங்கும் தேதி. அரியர் கணக்கு இரண்டாவது தேதியிலிருந்துதான் ஓடும். 2017 ஊதியக் குழு ஆணையை நினைத்துப் பாருங்கள். புதிய ஊதியம் 1.1.2016 முதல் ஏட்டளவில் நிர்ணயமானது, பணப்பயன் 1.10.2017 முதல்தான் கிடைத்தது. இடைப்பட்ட 21 மாதங்களுக்கு அரியர் என்று எதுவும் வரவில்லை. ஏட்டளவு தேதியிலிருந்து மனக்கணக்குப் போட்டுவிட்டு, 'பணம் குறைச்சலா வந்திருக்கு' என்று கருவூலத்துக்கு நடப்பவர்கள் இன்றும் உண்டு.

நம் ஆசிரியைக்குப் பணப்பயன் 1.4.2023 முதல். புதிய சம்பளம் 2026 ஜனவரிப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எனவே அரியர் 2023 ஏப்ரல் முதல் 2025 டிசம்பர் வரை, 33 மாதங்களுக்கு.

தொகை எப்படி வருகிறது

அலுவலகத்தில் இதற்கு 'டியூ டிரான்' பட்டியல் போடுவார்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் பெற்றிருக்க வேண்டியது ஒரு பக்கம், பெற்றது ஒரு பக்கம், வித்தியாசம் மூன்றாவது பத்தியில். அந்தப் பட்டியலின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரிக்கு அதுதான் ஆதாரம். வங்கிக் குறுஞ்செய்தியில் வரும் மொத்தத் தொகையை வைத்து எதுவும் செய்ய முடியாது.

பலரும் தவறுவது, அடிப்படை ஊதிய வித்தியாசத்தை மாதங்களால் பெருக்கினால் போதும் என்று நினைப்பதில்தான். அடிப்படை ஊதியம் கூடினால் அதன் மேல் அகவிலைப்படியும் கூடும். அகவிலைப்படி விகிதமோ ஆண்டுக்கு இரண்டு முறை மாறியிருக்கும். போதாததற்கு ஆண்டு ஊதிய உயர்வு 3 சதவீதம் என்பதால், கூடிய அடிப்படையின் மேல் அதுவும் கொஞ்சம் கூடும். ஆகவே வித்தியாசம் மாதத்துக்கு மாதம் ஒன்றாக இருக்காது.

நம் ஆசிரியைக்கு அடிப்படை ஊதிய வித்தியாசம் முதல் ஆண்டில் மாதம் 4,000 ரூபாய். ஏப்ரலில் ஊதிய உயர்வு என்பதால் அடுத்த ஆண்டு 4,100, அதற்கடுத்த ஆண்டு 4,200. அகவிலைப்படியைச் சேர்த்தால் கணக்கு இப்படி வருகிறது:

| காலம் | மாதம் | அடிப்படை வித்தியாசம் | அகவிலைப்படி | தொகை |
|---|---|---|---|---|
| ஏப்ரல்–ஜூன் 2023 | 3 | 4,000 | 42% | 17,040 |
| ஜூலை–டிசம்பர் 2023 | 6 | 4,000 | 46% | 35,040 |
| ஜனவரி–மார்ச் 2024 | 3 | 4,000 | 50% | 18,000 |
| ஏப்ரல்–ஜூன் 2024 | 3 | 4,100 | 50% | 18,450 |
| ஜூலை–டிசம்பர் 2024 | 6 | 4,100 | 53% | 37,638 |
| ஜனவரி–மார்ச் 2025 | 3 | 4,100 | 55% | 19,065 |
| ஏப்ரல்–ஜூன் 2025 | 3 | 4,200 | 55% | 19,530 |
| ஜூலை–டிசம்பர் 2025 | 6 | 4,200 | 58% | 39,816 |

மொத்தம் 2,04,579 ரூபாய். அகவிலைப்படியை விட்டுவிட்டு வெறும் அடிப்படையை மட்டும் பெருக்கியிருந்தால் 1,35,000 தான் வந்திருக்கும். உங்கள் பட்டியலில் அகவிலைப்படி மாறும் ஜனவரி, ஜூலை மாதங்களைத் தனியாகப் பாருங்கள். பழைய விகிதமே ஒரு காலாண்டு கூடுதலாக ஓடியிருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். அப்புறம், சம்பளமில்லா விடுப்பு எடுத்த நாட்களுக்கு அரியரும் இருக்காது. அந்த மாதங்களும் சரியாகக் கழிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

வீட்டு வாடகைப்படி இந்தப் பட்டியலில் இல்லை. தமிழக அரசு முறையில் அது சதவீதம் அல்ல, ஊதிய வரம்புக்கும் ஊரின் தரத்துக்கும் ஏற்ற நிலையான தொகை. புதிய அடிப்படை ஊதியமும் பழைய வரம்புக்குள்ளேயே விழுந்தால் வாடகைப்படியில் ஒரு ரூபாய்கூட மாறாது. அடுத்த வரம்புக்கு ஏறியிருந்தால் மட்டும் வித்தியாசம் வரும்.

கைக்கு முழு 2,04,579 வராது. 1.4.2003-க்குப் பிறகு பணியில் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு, அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10 சதவீதம் பிடிப்பார்கள். இங்கே அது 20,458 ரூபாய். ஆனால் வரிக் கணக்கில் இந்தப் பிடித்தத்தைக் கழித்துப் பார்க்கக் கூடாது. புதிய வரி முறையில் நம் பங்குக்குக் கழிவு கிடையாது, முழு 2,04,579-ம் வருமானம்தான். 'கைக்கு வந்தது இவ்வளவுதானே' என்று வங்கியில் ஏறிய தொகையை வைத்துக் கணக்குப் போடுவதால்தான் அலுவலகக் கணக்கும் நம் கணக்கும் ஒத்துப்போகாமல் நிற்கின்றன.

வரி ஏன் திடீரென்று எகிறுகிறது

சம்பளம் எந்த ஆண்டுக்கு உரியதாக இருந்தாலும், முன்பே வரி கட்டாத அரியருக்கு அது கைக்கு வந்த ஆண்டில்தான் வரி. ஆகவே மூன்று ஆண்டுப் பணமும் 2025-26 நிதியாண்டின் தலையில் விழுகிறது.

புதிய வரி முறையில் 2025-26-க்கு 12 லட்சம் வரை வரிக்குரிய வருமானம் உள்ளவருக்கு 87ஏ பிரிவுத் தள்ளுபடியால் வரி பூஜ்யம். நிலையான கழிவு 75,000 ரூபாயைச் சேர்த்தால் 12,75,000 வரை சம்பளத்துக்கு வரி இல்லை. டெல்டாவில் ஆசிரியர்கள், அலுவலர்கள், வங்கி ஊழியர்கள் பலர் இந்தக் கோட்டுக்குச் சற்று கீழே நிற்கிறார்கள். அரியர் அவர்களைக் கோட்டுக்கு மேலே தள்ளுகிறது. தாண்டியதும் தள்ளுபடி முழுவதும் போய், 4 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானம் முழுவதற்கும் வரி விழுகிறது. கோட்டைக் கொஞ்சம்தான் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மேல் வரி வராதபடி ஒரு சலுகை உண்டு. ஏறத்தாழ 12,70,000 வரிக்குரிய வருமானம் வரைதான் அது உதவும்.

இங்கே ஒரு பிரிப்பு அவசியம். 33 மாத அரியரில் 2025 ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான 59,346 ரூபாய் இதே நிதியாண்டுக்கு உரியது. தாமதமாக வந்தாலும் அது இந்த ஆண்டுச் சம்பளமேதான், அதற்கு நிவாரணம் கிடையாது. முந்தைய ஆண்டுகளுக்கு உரிய பகுதிக்கு மட்டுமே நிவாரணம்: 2023-24-க்கு 70,080, 2024-25-க்கு 75,153, ஆக 1,45,233 ரூபாய்.

நம் ஆசிரியையின் 2025-26 சம்பளம், இந்த ஆண்டுக்கு உரிய அரியரையும் சேர்த்து, 12,40,000 என்று வையுங்கள். நிலையான கழிவு போக 11,65,000. வரி இல்லை. முந்தைய ஆண்டுகளின் அரியரைச் சேர்த்தால் 13,10,233. வரி 76,535, அதன் மேல் 4 சதவீத செஸ், மொத்தம் 79,596. போனில் கேட்ட எழுபத்தொன்பதாயிரம் இதுதான். 1,45,233 ரூபாய் வந்ததற்காக 79,596 ரூபாய் வரி. பாதிக்கும் மேல்.

89-ம் பிரிவு செய்வது என்ன

இந்தப் பணம் அந்தந்த ஆண்டிலேயே வந்திருந்தால் எவ்வளவு வரி கட்டியிருப்பீர்கள்? அதற்கு மேல் இப்போது கட்ட வேண்டாம் என்கிறது வருமான வரிச் சட்டம் 1961-இன் 89-ம் பிரிவு. கணக்கு இவ்வளவுதான்:

```
நிவாரணம் = (இந்த ஆண்டு அரியரால் கூடிய வரி)
         − (அந்தந்த ஆண்டில் வந்திருந்தால் கூடியிருக்கும் வரி)
```

முதல் எண் தெரிந்துவிட்டது: அரியர் இல்லாமல் 0, அரியரோடு 79,596. கூடியது 79,596.

இரண்டாவது எண்ணுக்குப் பழைய ஆண்டுகளுக்குப் போக வேண்டும். 2023-24-இல் ஆசிரியையின் வரிக்குரிய வருமானம் 9,70,000. அந்த ஆண்டின் புதிய முறை விகிதத்தில் 9 முதல் 12 லட்சம் வரை 15 சதவீதம். 70,080 ரூபாயும் அந்தப் படியிலேயே விழுவதால், கூடும் வரி செஸ்ஸோடு 10,932. 2024-25-இல் வருமானம் 10,40,000. அந்த ஆண்டில் 10 முதல் 12 லட்சம் வரை 15 சதவீதம். 75,153-க்குக் கூடும் வரி செஸ்ஸோடு 11,724. இரண்டும் சேர்ந்து 22,656.

நிவாரணம் 79,596 − 22,656 = 56,940 ரூபாய். கட்ட வேண்டிய வரி 22,656 மட்டும்.

பழைய ஆண்டுகளின் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தந்த ஆண்டின் விகிதம், அந்தந்த ஆண்டில் நீங்கள் தேர்ந்தெடுத்த வரி முறை, அப்போது தாக்கல் செய்த அறிக்கையில் உள்ள வரிக்குரிய வருமானம் ஆகியவற்றைத்தான் எடுக்க வேண்டும். 2023-24-இல் பழைய முறையில் சேமிப்பு, காப்பீடு எல்லாம் கழித்துக் காட்டியிருந்தால் அதே முறையில்தான் போட வேண்டும். இன்றைய 12 லட்சத் தள்ளுபடியைப் பழைய ஆண்டுக்குப் பொருத்தக் கூடாது. அப்போது புதிய முறையில் 7 லட்சம்தான் வரம்பு. ஆகவே முதல் வேலையாகப் பழைய ஆண்டுகளின் வருமான வரி அறிக்கைகளை இணையதளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

Form 10E எப்படிப் போடுவது

இந்த நிவாரணத்துக்கான படிவம் Form 10E. அலுவலகத்தில் 'டென் ஈ' என்றால் எல்லோருக்கும் தெரியும். 2026 மார்ச் 31-க்குள் கைக்கு வந்த அரியருக்கு இதுதான் படிவம். 1.4.2026 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிறகு வரும் அரியருக்குப் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் வேறு. நிவாரணம் தொடர்கிறது.

வருமான வரி இணையதளத்தில் பான் எண்ணோடு உள்நுழைந்து `e-File`, அதில் `Income Tax Forms`, அதில் `File Income Tax Forms` என்று போனால் Form 10E கிடைக்கும். மதிப்பீட்டு ஆண்டு, அதாவது நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, கேட்கும். அரியர் கைக்கு வந்த ஆண்டுக்கு உரியதைத்தான் கொடுக்க வேண்டும், இங்கே 2026-27. அரியர் 2023-24-க்கு உரியது என்பதால் 2024-25 என்று கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. அப்படிக் கொடுத்தால் படிவம் வேறு ஆண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும், இந்த ஆண்டு அறிக்கையோடு சேராது.

அடுத்து பல இணைப்புகள் காட்டும். பணிக்கொடை, வேலையிழப்பு இழப்பீடு, ஓய்வூதியத் தொகுப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி இணைப்புகள் உண்டு. சம்பள அரியருக்கு `Annexure I`. அதற்குள் முதலில் கீழே இருக்கும் `Table A`-வை நிரப்புங்கள். ஆண்டு ஒன்றுக்கு ஒரு வரி: 2023-24-க்கு வருமானம் 9,70,000, அரியர் 70,080, அரியர் இல்லாமல் வரி, அரியரோடு வரி. அடுத்த வரியில் 2024-25. இந்தக் கூட்டுத்தொகை 22,656 வந்ததும் மேலே போய் இந்த ஆண்டு எண்களைப் போடலாம். வரி என்று கேட்கும் இடங்களில் தள்ளுபடியைக் கழித்து, செஸ்ஸைச் சேர்த்த தொகையைத்தான் போட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டால்தான் ஒப்பீடு சரியாக இருக்கும். கடைசியில் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்துவிட்டால் ஒப்புகை எண் வரும். சரிபார்க்காமல் விட்ட படிவம் தாக்கல் ஆனதாகாது.

அந்த ஒப்புகை நகலையும் டியூ டிரான் பட்டியலையும் சேர்த்து, பிப்ரவரிச் சம்பளப் பட்டியலுக்கு முன்பே பணம் பெற்று வழங்கும் அலுவலரிடம் கொடுங்கள். அரசு, பொதுத்துறை, கூட்டுறவுச் சங்கம், உள்ளாட்சி, பல்கலைக்கழகம், கம்பெனி என்று எதில் வேலை செய்தாலும், 192-ம் பிரிவின்படி சம்பளத்தில் வரி பிடிக்கும்போதே இந்த நிவாரணத்தைக் கணக்கில் எடுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. ஏற்றுக்கொண்டால் 79,596-க்குப் பதில் 22,656 மட்டும் பிடிப்பார்கள், படிவம் 16-லும் நிவாரணம் தனி வரியாக வரும்.

பட்டியல் முடிந்துவிட்டது, முழு வரியும் பிடித்துவிட்டார்கள் என்றாலும் கவலை இல்லை. Form 10E-ஐப் போட்டுவிட்டு, வருமான வரி அறிக்கையில் 89-ம் பிரிவு நிவாரணம் என்ற இடத்தில் 56,940 என்று காட்டினால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். வரிசை மட்டும் முக்கியம்: முதலில் Form 10E, அப்புறம் அறிக்கை. படிவம் இல்லாமல் அறிக்கையில் நிவாரணத்தை மட்டும் காட்டினால், அறிக்கையைச் சரிபார்த்து வரித் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பில் நிவாரணத்தை அடித்துவிட்டு வரி கேட்பார்கள்.

சொந்த நிலம் இருப்பவர்கள் இதையும் பாருங்கள்

நம் பக்கம் சம்பளக்காரர் வீட்டில் பத்து மாவோ ஒரு வேலியோ நஞ்சை இருப்பது சாதாரணம். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பது சரி. ஆனால் செலவு போக நிகர விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்து, சம்பளம் உள்ளிட்ட மற்ற வருமானமும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தை நிர்ணயிக்க மட்டும் அதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வரி கட்டும் நிலையில் இருப்பவருக்கு இது சம்பளத்தின் மேலான வரியைக் கூட்டும். அரியர் கணக்கில் இது இந்த ஆண்டையும் பழைய ஆண்டுகளையும் சேர்த்தே பாதிக்கும். குறுவை, சம்பா இரண்டும் கைகொடுத்த ஆண்டு ஒரு மாதிரி, மேட்டூர் தண்ணீர் வராமல் சாகுபடி குறைந்த ஆண்டு வேறு மாதிரி. ஆகவே ஒவ்வொரு ஆண்டுக்கும் அந்த ஆண்டில் காட்டிய விவசாய வருமானத்தையே எடுக்க வேண்டும்.

5,000-க்கு மேல் விவசாய வருமானம் உள்ளவர் `ITR-1` போட முடியாது, `ITR-2` போட வேண்டும். நிலம் குத்தகைக்கு விட்டிருந்தாலும் குத்தகை நெல்லோ பணமோ விவசாய வருமானம்தான்.

நிவாரணம் கிடைக்காத இடங்கள்

அரியரைச் சேர்த்த பிறகும் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் புதிய முறையில் வரியே இல்லை. படிவம் போட்டும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

வரி வந்தாலும் சில சமயம் நிவாரணம் பூஜ்யமாகலாம். இப்போதைய வரிப் படிகளைவிடப் பழைய ஆண்டுகளின் வரிப் படிகள் கடுமை. இந்த ஆண்டும் பழைய ஆண்டுகளிலும் 12 லட்சத்துக்கு மேல் வரிக்குரிய வருமானம் இருந்தவருக்கு, அரியரின் மேல் இப்போது 15 சதவீதம், அப்போது 20 சதவீதம் என்று வரலாம். அப்படி வந்தால் சூத்திரத்தில் விடை எதிர்மறை. கூடுதலாக எதுவும் கேட்க மாட்டார்கள், நிவாரணம் இல்லை, அவ்வளவுதான். இந்த ஆண்டு விகிதத்திலேயே கட்டிவிட்டுப் போகலாம், அதுவே லாபம்.

நீதிமன்ற உத்தரவால் அரியரோடு வட்டியும் வந்தால், வட்டி சம்பளம் அல்ல. அது இதர வருமானத்தில் போகும், 89-ம் பிரிவுக்குள் வராது. பட்டியலில் வட்டியைத் தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓய்வூதியர்களுக்கு வரும் ஓய்வூதிய அரியருக்கு நிவாரணம் உண்டு, ஓய்வூதியமும் சட்டத்தின் கண்ணில் சம்பளம்தான். குடும்ப ஓய்வூதிய அரியருக்கும் இதே படிவம்.

அரியரைத் தவணையாகக் கொடுத்தால் ஒவ்வொரு தவணையும் வந்த ஆண்டில் வரிக்கு உட்படும். ஒவ்வொரு ஆண்டும் தனிப் படிவம் போட வேண்டும். எந்தத் தவணை எந்த மாதங்களுக்கு உரியது என்று அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தவணைக்குப் பிறகு பட்டியல் போட்ட எழுத்தர் மாறுதலாகிப் போய்விட்டால், அடுத்த ஆண்டு அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

அறிக்கை தாக்கல் செய்த பிறகு வரும் 143(1) அறிவிப்பைத் திறந்து, நீங்கள் காட்டிய நிவாரணமும் துறை ஏற்றுக்கொண்ட நிவாரணமும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் ஒரே எண்ணாக இருக்கின்றனவா என்று பாருங்கள். துறையின் பத்தியில் பூஜ்யம் இருந்தால், முதலில் Form 10E-இன் மதிப்பீட்டு ஆண்டையும் அது சரிபார்க்கப்பட்ட தேதியையும் பாருங்கள். அறிக்கைக்கு முந்தைய தேதியில் சரியான ஆண்டுக்குப் படிவம் இருந்தால், அறிவிப்பில் திருத்தம் கேட்டு அதே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். படிவமே போடாமல் விட்டிருந்தால், காலக்கெடு இருக்கும்போதே படிவத்தைப் போட்டுவிட்டுத் திருத்திய அறிக்கை தாக்கல் செய்யுங்கள்.